பிரிண்டருக்கு விழும் ஏச்சு

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்தியிலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் போகும் வீதியில் என் அண்ணாவுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. போட்டோப் பிரதி, பிரிண்ட், லமினேட்டிங், புத்தகம் கட்டுதல் என்று காலை தொடங்கி இரவு வரை வேலை. ஊரில் இப்படியான கடையைக் 'கொமினிகேஷன்' என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேசுவதற்குச் சனங்கள் கடையில் வரிசையாகக் காத்திருந்த காலத்தில் வந்த பெயர் அது. தொலைபேசிப் பெட்டிகள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். மாலையில் நேரம் கிடைத்தால் அந்தக் கடையில் போய் இருப்பேன். போன மார்கழியில் ஒரு நாள் இரவு அங்கே ஒரு மணி நேரத்துக்குள் நடந்தவைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கடைசி வருட மாணவி ஒருத்தி ஆய்வேட்டை மூன்று பிரதி எடுக்க வந்திருந்தாள். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். முதல் பிரதி சிக்கலில்லாமல் வந்தது. இரண்டாவது பிரதியின் நடுவில் பிரிண்டர் ஒரு முனகலோடு நின்றது. திரையில் `Paper Jam` என்று எழுத்து. பிள்ளையின் முகம் கறுத்துப் போனது. அண்ணா மெஷினைப் பார்த்து, "கோதாரியில் போவானே! இவ்வளவு நேரமும் ஒழுங்காகத்தானே நின்றாய்? இந்தப் பிள்ளையின் வேலை வந்தவுடன் உனக்கு என்ன வந்தது?" என்று ஏசினார். அழும் நிலையில் நின்ற பிள்ளை சிரித்துவிட்டாள். அண்ணாவும் சிரித்தார். பின்கதவைத் திறந்து கசங்கிய தாளை இழுத்தெடுத்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது. தாளை எடுத்த பிறகும் திரையில் அதே எழுத்து நின்றது. திறந்தார், மூடினார், அணைத்து மறுபடி போட்டார். ஒருமுறை இரண்டு தாள் வெளியே வந்தது, பிறகு மறுபடி நின்றது. அவருடைய ஏச்சும் தொடர்ந்தது. ஆனால் அதில் இப்போது சிரிப்பு இல்லை. கடையில் உதவிக்கு நிற்கும் தம்பி தாள் தட்டை ஓங்கித் தள்ளினான். உள்ளே ஏதோ 'டிக்' என்று முறிந்தது. கடைசியில் அண்ணா பழுதுபார்க்கும் நிறுவனத்தின் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மறுபக்கத்தில் ஒரு பெண்பிள்ளை. மெஷினுக்குச் சொன்ன அதே சொற்களில் பாதியை அந்தப் பிள்ளைக்கும் சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றிரவு வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "மெஷினுக்கு ஏசினது ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏசினதுதான் நெஞ்சுக்குள் நிற்கிறது" என்றார்.

ஒரே மனிதர், ஒரே ஆத்திரம், ஏறத்தாழ ஒரே சொற்கள். முதல் ஏச்சு மூன்று பேருடைய மனத்தையும் இலேசாக்கியது. நடுவில் வந்த ஏச்சுகள் அவரையே சூடேற்றின. கடைசி ஏச்சு அவரைத் தூங்கவிடவில்லை. பொருளை ஏசுவது எப்போது ஆறுதலாகிறது, எப்போது ஆகாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில், உயிரில்லாத ஒரு பெட்டியோடு ஏன் பேசுகிறோம் என்று பார்ப்போம். நன்றாக ஓடும் மெஷினோடு யாரும் பேசுவதில்லை. அண்ணாவின் கடையில் லமினேட்டிங் மெஷின் ஒன்று பல வருடமாக நிற்கிறது. சூடாகும், தாளை இழுக்கும், வெளியே தள்ளும். அதற்கு ஏச்சும் இல்லை, செல்லமும் இல்லை. பிரிண்டர் அப்படியல்ல. காலையில் ஓடும், மாலையில் நிற்கும். ஒருமுறை தட்டினால் வேலை செய்யும், இன்னொரு முறை அதே தட்டுக்கு அசையாது. 2010 இல் ஆடம் வேட்ஸ், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் இதையே ஆராய்ந்தார்கள். உங்கள் கணினி எவ்வளவுக்குப் பழுதாகிறது என்றும், அதற்குச் சொந்த எண்ணமும் விருப்பமும் இருப்பதுபோல் தோன்றுகிறதா என்றும் ஆட்களிடம் கேட்டார்கள். அடிக்கடி பழுதாகும் கணினியை வைத்திருப்பவர்களுக்கே அதற்கு மனம் இருப்பதுபோல் கூடுதலாகத் தோன்றியது. அடுத்து என்ன செய்யும் என்று சொல்ல முடியாத ஒன்றை விளங்கிக்கொள்ள நமக்குக் கைவந்த வழி ஒன்றுதான்: அதற்கு ஒரு நோக்கத்தைக் கற்பிப்பது. பிறந்த நாளிலிருந்து மனிதர்களை அப்படித்தானே விளங்கிக்கொள்கிறோம்.

அன்று அந்தப் பிரிண்டருக்குள் நடந்தது வேறு. மாரிகாலத்தில் பிரித்து வைத்த தாள் கட்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த தாளின் ஓரங்கள் அலை அலையாக நெளியும், இரண்டு தாள் ஒன்றாக ஒட்டும். தாளை இழுக்கும் ரப்பர் உருளையில் தாள்தூசி படிந்து வழுவழுப்பாகிவிட்டால் பிடி தளரும். லேசர் பிரிண்டரில் மையை உருக்கித் தாளில் பதிக்கிற சூட்டு உருளைக்குள் ஈரத்தாள் போகும்போது ஈரம் ஆவியாகித் தாள் சுருளும். இப்படிச் சிக்கிய தாளை அவசரத்தில் இழுத்தால் ஓரத்தில் நகத்தளவு துண்டு கிழிந்து உள்ளேயே தங்கிவிடும். தாள் வருகிறதா என்று பார்க்க உள்ளே ஒரு சிறிய நெம்புகோல் இருக்கிறது. தாள் தொட்டால் சாயும், போனால் நிமிரும். அந்தத் துண்டு நெம்புகோலில் சாய்ந்தபடி கிடந்தால், தாள் இன்னும் சிக்கியிருக்கிறது என்றே மெஷின் எண்ணும். துண்டு சற்று அசைந்தால் இரண்டு தாள் போகும், மறுபடி சாய்ந்தால் நிற்கும். வெளியே நிற்பவருக்கு இது வேண்டுமென்றே செய்கிற குறும்பாகத் தெரியும். தாள் எடுத்த பிறகும் அதே எழுத்து விட்டுவிட்டு வருகிறது என்றால் கிழிந்த துண்டு உள்ளே இருக்கிறது என்று ஊகிக்கலாம். எடுத்த தாளை மேசையில் விரித்துப் பார்த்தால் எந்த மூலை குறைகிறது என்பதும் தெரிந்துவிடும். அதைப் பார்க்கும் பொறுமை அந்த நேரத்தில் யாருக்கு இருந்தது?

தமிழ் இலக்கணம் இந்த மனநிலையை எப்போதோ கண்டு வைத்திருக்கிறது. நன்னூலின் பொதுவியலில் ஒரு நூற்பா:

"கேட்குந போலவும் கிளக்குந போலவும்
இயங்குந போலவும் இயற்றுந போலவும்
அஃறிணை மருங்கினும் அறையப் படுமே."

அஃறிணைப் பொருள்களை, கேட்பவைபோலவும் பேசுபவைபோலவும் நடப்பவைபோலவும் ஒன்றைச் செய்பவைபோலவும் சொல்வது வழக்கில் உண்டு என்கிறது. இதே நன்னூலில் இன்னொரு நூற்பா, உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறினாலும் அது இயல்பே என்று விதிக்கிறது. செறல் என்றால் கோபம். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உவப்பால் வந்த மாற்றம். பிரிண்டரைப் பார்த்துப் 'போவானே' என்பது செறலால் வந்த மாற்றம். இந்த நூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர் நல்லூர்க்காரர். அவர் பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்று ஒருவர் பிரிண்டருக்கு ஏசும்போது, இலக்கணம் வழுவமைதி என்று ஒப்புக்கொண்ட காரியத்தையே செய்கிறார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. மனிதனைக் கோபத்தில் 'கழுதை', 'மாடு' என்னும்போது அவனை அஃறிணைக்கு இறக்குகிறோம். பொருளை ஏசும்போது நடப்பது நேர்மாறானது, அதை உயர்திணைக்கு ஏற்றுகிறோம். முதலாவதில் ஒருவருக்குக் குறைவு வருகிறது. இரண்டாவதில் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. வாணி விழாவில் அண்ணா அதே பிரிண்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூச்சூட்டுகிறார். பொட்டு வாங்குவதும் ஏச்சு வாங்குவதும் அந்த ஒரே உயர்திணைப் பிறவிதான்.

இந்தப் பழக்கத்தை நமக்கு ஊட்டியவர்கள் வீட்டுக் கிழவிகள். குழந்தை தவழ்ந்து போய்க் கதவில் தலையை இடித்துக்கொள்ளும். அம்மம்மா ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "என் குஞ்சையா இடித்தாய்?" என்று கதவுக்கு இரண்டு அடி போடுவார். குழந்தையும் அழுகையை நிறுத்திக் கையை ஓங்கும். கதவுக்கு அடி விழுந்ததால் வலி போகவில்லை. குழந்தையின் கவனம் தலையிலிருந்து கதவுக்குத் திரும்பியது, தன் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்று அது கண்டது, அடித்ததும் கதை முடிந்தது. இந்த மூன்றும் அண்ணாவின் முதல் ஏச்சிலும் இருந்தன. 'இந்தப் பிள்ளையின் வேலை வந்தவுடன் உனக்கு என்ன வந்தது' என்ற வரியில் அவர் பிரிண்டரோடு பேசுகிறார், ஆனால் கேட்க வேண்டியவள் மாணவி. நான் உன் பக்கம், என் ஆத்திரம் உன்மேல் இல்லை என்று அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் சிரிப்பு வந்தது.

சொல்லுக்கே ஒரு வேலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர் பெற்றது. 67 மாணவர்களைப் பனிபோல் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்திருக்கச் சொன்னார். ஒருமுறை கெட்டவார்த்தை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, மறுமுறை மேசையை விவரிக்கும் ஒரு சாதாரணச் சொல்லைச் சொல்லிக்கொண்டு. கெட்டவார்த்தை சொன்னபோது சராசரியாக ஏறத்தாழ 40 விநாடி கூடுதலாகத் தாங்கினார்கள். வலியும் குறைவாகத் தெரிந்தது, இதயத் துடிப்பு கூடியது. பின்னர் யப்பானியர்களிடம் செய்து பார்த்தபோதும் இந்த விளைவு தெரிந்தது. 2011 இல் வந்த தொடர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: அன்றாடம் நிறையத் தூஷணம் பேசுகிறவர்களுக்கு இந்தப் பலன் குறைவு. 2020 இல் ஸ்டீபன்ஸ் புதிதாகப் புனைந்த, கெட்டவார்த்தைபோல் ஒலிக்கிற சொற்களைக் கொடுத்துப் பார்த்தார். கேட்கச் சிரிப்பாக இருந்தன, வலிக்கு ஒன்றும் செய்யவில்லை.

அப்படியானால் ஓசை மட்டும் போதாது, சொல்லுக்குள் பழைய சூடு இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பொருளுக்கு விழும் ஏச்சைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது தூஷணம் அல்ல, சாபம். 'கோதாரி' என்பது கொள்ளைநோய்க்கும் வாந்திபேதிக்கும் இங்கே வழங்கிய சொல். 'கோதாரி விழுவான்' என்றால் அந்த நோய் உன்மேல் விழட்டும் என்று பொருள். 'கட்டையில் போவான்' என்பதில் வருவது சுடலைக் கட்டை. 'சனியன்' ஏழரை வருடம் பிடித்தாட்டும் கிரகம், 'மூதேவி' வீட்டில் வரவே கூடாதவள். ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் எவற்றுக்கு உண்மையாக அஞ்சினார்களோ, அவையே ஏச்சாக வந்து சேர்ந்திருக்கின்றன. இன்றைய பிள்ளைக்குக் கோதாரியின் பொருள் தெரியாது. ஆனால் சிறுவயதில் அதைச் சொன்னபோது அம்மா முறைத்த முறைப்பு தெரியும். அந்த முறைப்பில்தான் சொல்லின் சூடு இருக்கிறது என்று நினைக்கிறேன். தூஷணத்தைத் தொடாமலே வாய்க்கு வேண்டிய காரத்தைக் கொடுக்கும் சொற்கள் இவை. அதனால்தான் மாமியார் முன்னாலும் வாத்தியார் முன்னாலும் பிரிண்டருக்கு ஏச முடிகிறது.

ஆனால் ஸ்டீபன்ஸின் ஆய்வு வலியைப் பற்றியது. கால்விரல் கட்டிலில் இடிபடும் வலிக்கும் நெஞ்சில் கனன்று நிற்கும் கோபத்துக்கும் ஒரே மருந்து பொருந்தாது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள், என்னிடம் வருகிறவர்களும் தவறுகிறார்கள். 'ஆத்திரத்தைக் கொட்டித் தீர்க்க வேண்டும்' என்று நம் பேச்சு சொல்கிறது. பானையில் கொதிக்கும் தண்ணீர்போலக் கோபம் உள்ளே ஓர் அளவில் இருக்கிறது, ஊற்றிவிட்டால் பானை காலியாகும் என்பது அந்தப் பேச்சின் அடியில் இருக்கும் நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002 இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. 600 மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை, வேறொரு மாணவர் மதிப்பிட்டதுபோல் காட்டி, மிக மோசம் என்று இழிவாகக் குறித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பகுதியினர் தங்களை அவமதித்தவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பகுதியினர் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். அவமதித்தவரை நினைத்துக் குத்தியவர்களே பின்னரும் அதிகக் கோபத்தோடும் பழிவாங்கும் எண்ணத்தோடும் இருந்தார்கள். சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட ஆறியிருந்தார்கள். 2024 இல் புஷ்மனும் சோஃபி ஷேர்விக்கும் 154 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அதே முடிவு வந்தது. மூச்சு, தசை, துடிப்பு ஆகியவற்றைத் தணிக்கும் காரியங்கள் கோபத்தைக் குறைக்கின்றன, உடம்பைக் கிளப்பும் காரியங்களால் கோபம் குறைவதாகத் தெரியவில்லை.

அண்ணாவின் நடு ஏச்சுகளை இப்போது விளங்கிக்கொள்ளலாம். முதல் ஏச்சு ஒரு மூச்சில் முடிந்தது, கை உடனே வேலைக்குப் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியல்ல. "இதை வாங்கும்போதே வேண்டாம் என்று சொன்னார்கள்", "போன மாதமும் இப்படித்தான்", "கடையையே பூட்டிவிட்டுப் போகலாம்" என்று ஏச்சு பழங்கணக்கைத் தோண்ட ஆரம்பித்தது. குத்துப்பையைக் குத்திக்கொண்டே அவமதித்தவரை நினைத்த மாணவர்களின் நிலை அது. பிரிண்டர் பதில் பேசாது என்பதால் எண்ணெய் ஊற்ற மறுபக்கத்தில் ஆளில்லை என்பது உண்மை. ஆனால் ஊற்றுவதற்கு அண்ணாவிடமே எண்ணெய் இருந்தது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் இப்போது வைத்திருக்கும் அளவு எளிமையானது. ஏச்சு முன்னிலையில் நிற்கும்வரை பயமில்லை. 'சனியனே, நீ இன்றைக்குத்தான் நிற்பாயா' என்று பொருளைப் பார்த்துச் சொல்வது அந்தக் கணத்தோடு முடியும். 'எனக்கு மட்டும் ஏன் எப்போதும் இப்படி நடக்கிறது' என்று தன்மைக்கு மாறினால், கோபம் பொருளை விட்டுவிட்டு ஆளுக்குள் திரும்பிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு பேசப்பேச ஏறுமே தவிர இறங்காது. குரல் இறங்குகிறதா என்றும் பார்க்கலாம். முதல் ஏச்சைவிட மூன்றாவது ஏச்சு உரத்துக் கேட்டால், அது ஆறுதல் தரும் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

நகோயா பல்கலைக்கழகத்தில் நடந்து 2024 இல் வெளியான ஓர் ஆய்வும் இந்த முடிதலைப் பற்றித்தான் பேசுகிறது. அவமதிக்கப்பட்ட மாணவர்கள் தங்கள் கோபத்தைத் தாளில் எழுதினார்கள். எழுதிய தாளைக் குப்பைக்கூடையில் போட்டவர்களுக்கும் மெஷினில் துண்டாக்கியவர்களுக்கும் கோபம் ஏறத்தாழப் பழைய நிலைக்கு இறங்கியது. தாளை வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தளவு இறங்கவில்லை. எழுதியது இரண்டு பக்கத்தாருக்கும் பொது, வேறுபாடு அதை விட்டதில் இருந்தது.

தம்பி தாள் தட்டைத் தள்ளியதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சொல் கையாக மாறிய இடம் அது. முறிந்தது தட்டைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கொளுக்கி. இப்போது தட்டு ஒரு பக்கம் சரிந்து நிற்பதால் தாள் கோணலாகப் போகிறது, முன்பைவிடக் கூடுதலாகச் சிக்குகிறது. ஏச்சு மெஷினைத் தொடுவதில்லை, அடி தொடுகிறது.

நுளம்பின் விஷயம் சற்று வேறு. பிரிண்டருக்கு நாம் நோக்கத்தைக் கற்பிக்கிறோம், நுளம்புக்கு உண்மையிலேயே நோக்கம் இருக்கிறது. கடிப்பது பெண் நுளம்பு, முட்டைக்கு அதற்கு இரத்தம் வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டையும் உடம்பின் சூட்டையும் வைத்துத் தேடி வருகிறது. விநாடிக்குப் பல நூறு தடவை அடிக்கும் இறகின் ஒலிதான் காதோரம் கேட்கும் அந்த 'ங்ங்'. இருட்டில் படுத்துக்கொண்டு, "வா, வந்து இரு, உனக்கு இன்றைக்கு இருக்கிறது" என்று ஒருவர் நுளம்போடு பேசும்போது, அவர் தூக்கம் கெட்ட எரிச்சலை ஒரு வேட்டையாக மாற்றிக்கொள்கிறார். அதில் எனக்குக் குறை தெரியவில்லை. வலையைச் சொருகிக்கொண்டு படுத்தால் அந்த வேட்டையும் தேவையில்லை.

இங்கே வரும் தீமை ஏச்சில் இல்லை, ஏச்சு தரும் திருப்தியில் இருக்கிறது. இரவில் காதோரம் பாடி ஏச்சு வாங்குவது பெரும்பாலும் கியூலெக்ஸ் இனம். கழிவு வாய்க்காலிலும் மூடி சரியில்லாத மலக்குழியிலும் பெருகுவது. டெங்கைக் கொண்டுவரும் ஏடிஸ் பகலில், அதிகமாகக் காலையிலும் மாலையிலும், சத்தமில்லாமல் காலடியில் வந்து கடிக்கிறது. அதற்கு ஏச்சு விழுவதே இல்லை. யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு ஏறும் மாதங்களில் அது பெருகும் இடம் வளவுக்குள் கவிழ்க்காமல் கிடக்கும் சிரட்டையும் தயிர்ச்சட்டியும் பழைய டயரும்தான். இரவெல்லாம் நுளம்புக்கு ஏசி எரிச்சல் தீர்ந்தவர் விடிந்ததும் சிரட்டையை மறந்துவிடுகிறார். ஏசினால் கை வேலைக்குப் போக வேண்டும், அண்ணா முதல் ஏச்சுக்குப் பிறகு பின்கதவைத் திறந்ததுபோல.

தொலைபேசிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அது முழுக்கப் பொருள் அல்ல. பிரிண்டருக்குப் பின்னால் யாரும் இல்லை. தொலைபேசிக்குப் பின்னால் எப்போதும் யாரோ இருக்கிறார்கள். கனடாவிலிருக்கும் மகளோடு பேசும்போது படம் உறைந்துவிடுகிறது, குரல் அறுந்து அறுந்து வருகிறது. அம்மா போனைப் பார்த்து, "சனியனே, பேசவிடுகிறாயில்லையே" என்கிறார். அந்த இடத்தில் மட்டும் இணைப்புச் சரியாகிவிடுகிறது. அங்கே மகள் கேட்டது 'சனியனே' என்ற சொல்லை மட்டும். இப்படி இரண்டு கிழமை பேசாமலிருந்த தாயையும் மகளையும் எனக்குத் தெரியும். ஏசிய பொருளும், ஏச்சைக் கேட்கக்கூடிய ஆளும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த ஏச்சைத் தீங்கில்லாதது என்று சொல்ல முடியாது. போனுக்கு ஏச வேண்டுமென்றால் இணைப்பைத் துண்டித்து, மேசையில் வைத்துவிட்டு ஏசுவது நல்லது.

அண்ணா பழுதுபார்க்கும் நிறுவனத்துக்கு எடுத்த அழைப்பில் நடந்ததும் இதுதான். அவர் கையில் இருந்தது ஒரு பொருள், எதிரில் நின்றது இன்னொரு பொருள், நெஞ்சில் பிரிண்டரோடு நடந்துகொண்டிருந்த சண்டை. காதில் கேட்ட குரல் அந்தச் சண்டைக்குள் இன்னொரு மெஷின்போல வந்து விழுந்தது. பிரிண்டரை உயர்திணைக்கு ஏற்றிய அதே வாய் அந்தப் பிள்ளையை அஃறிணைக்கு இறக்கியது. அவளால் ஏச்சைத் திருப்பித் தரவும் முடியாது, வேலை போய்விடும். அழைப்பு நிலையங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நாள் முழுக்க மற்றவர்களுடைய மெஷின்களுக்குரிய ஏச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். பொருளுக்கு ஏசுவதில் தீங்கில்லை என்று சொல்லும்போதெல்லாம் அவர்களுடைய முகங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

அன்றிரவு பிரிண்டரைச் சரிசெய்தது அந்த மாணவிதான். கசங்கிய தாளை விரித்துப் பார்த்து, "அண்ணா, இதில் ஒரு மூலை இல்லை" என்றாள். கைவிளக்கை அடித்து, இடுக்கியால் அந்தத் துண்டை எடுத்தார்கள். புதுக் கட்டுத் தாள் பிரித்து, ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைத்துப் போட்டதும் மெஷின் ஓடியது. சரிந்த தட்டைத் தம்பி கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். மூன்றாவது பிரதி முடியும்போது வீதியில் ஒரு சனமும் இல்லை. பிரித்த தாள் கட்டுகள் இப்போது கடையில் மூடியுள்ள அரிசி வாளி ஒன்றில் இருக்கின்றன.

மறுநாள் காலை அண்ணா அதே இலக்கத்துக்கு மறுபடி எடுத்தார். வேறு ஒரு பிள்ளை பேசினாள். "நேற்றிரவு வேலையில் இருந்த தங்கச்சியிடம் ஒன்று சொல்ல வேண்டும், சொல்வீர்களா?" என்று கேட்டார். மறுபக்கத்தில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பிள்ளை, "பெயர் தெரியாமல் எப்படி அண்ணா, நேற்று நாங்கள் பதினொரு பேர் இருந்தோம்" என்றாள். அண்ணா சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் பதினொரு பேருக்கும் சொல்லுங்கள்" என்றார்.